மே மாதத்தில் இரண்டு சம்பளம்

திருச்சியில் ஒரு நடுத்தரக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை, மனைவி வீட்டிலேயே தையல், பள்ளிக்குப் போகும் ஒரு மகள், மாடியில் ஒரு சிறு போர்ஷன் வாடகைக்கு. உதாரணத்துக்காக நான் உருவாக்கிய குடும்பம்தான், ஆனால் இவர்களுடைய வங்கிக் கணக்கில் வரும் வரிகள் எல்லாம் நம் வீட்டு ஸ்டேட்மென்ட்டிலும் வருபவை. 2025 மே மாத ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கம் இப்படிச் சொல்கிறது: மாதத் தொடக்க இருப்பு 2,114.50 ரூபாய். மொத்த வரவு 1,39,149 ரூபாய். மொத்தப் பற்று 94,446.14 ரூபாய். மாத இறுதி இருப்பு 46,817.36 ரூபாய்.

இதை மட்டும் பார்த்தால் என்ன தோன்றும்? ஒன்றே முக்கால் லட்சம் இல்லாவிட்டாலும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வந்திருக்கிறது, தொண்ணூற்று நான்காயிரம் செலவாகியிருக்கிறது, நாற்பத்து நான்காயிரம் மிஞ்சியிருக்கிறது. நல்ல மாதம்! உண்மையில் அந்தக் குடும்பம் மே மாதத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பற்றாக்குறையில் இருந்தது. வங்கி பொய் சொல்லவில்லை. கணக்குக்குள் வந்ததை எல்லாம் வரவு என்றும் வெளியே போனதை எல்லாம் பற்று என்றும் அது எழுதுகிறது. குடும்பத்தின் வருமானம் எது, செலவு எது என்று பிரிப்பது அதன் வேலை இல்லை. நம் வேலை.

முதலில் ஒரு சின்னச் சோதனை. தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் இறுதி இருப்பு வரவேண்டும். 2,114.50 கூட்டல் 1,39,149 கழித்தல் 94,446.14, விடை 46,817.36. பைசா சுத்தமாகப் பொருந்துகிறது. இது வங்கியின் கணக்கைச் சரிபார்ப்பதற்கு அல்ல, கம்ப்யூட்டர் கூட்டலில் தவறாது. நம் கையில் இருப்பது முழு ஸ்டேட்மென்ட்தானா என்று பார்ப்பதற்கு. இரண்டாம் பக்கம் பிரிண்ட் எடுக்காமல் விட்டிருப்போம், பாஸ்புக்கில் நடுவே ஒரு மாத வரிகளை மொத்தமாகச் சுருக்கிப் பதிந்திருப்பார்கள், ஆப்பில் தேதியைத் தவறாகக் கொடுத்திருப்போம். கூட்டல் பொருந்தாவிட்டால் மேற்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

அடுத்து வரவுப் பக்கம். ஏழே வரிகள்தான். மே 2-ஆம் தேதி சம்பளம் 42,500. மாடி வாடகை 5,500. மனைவியின் கணக்கிலிருந்து மாற்றியது 6,000. கூட்டுறவு வங்கியில் வைத்த நகைக்கடன் 40,000. ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பிய செருப்புக்கான பணம் 1,899. ஒரு கடையில் சிக்கித் திரும்பி வந்த யுபிஐ தொகை 750. பிறகு மே 31-ஆம் தேதி மறுபடியும் ஒரு சம்பளம், 42,500.

ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இந்தப் பணத்தால் குடும்பத்தின் சொத்து கூடியதா? நகைக்கடனால் கூடவில்லை, நாற்பதாயிரம் கைக்கு வந்தது, அதே அளவு கடனும் வந்தது. செருப்புப் பணம் நம்முடைய பணமே திரும்பியது. 750-ம் அப்படித்தான். மனைவியின் 6,000 வலது பையிலிருந்து இடது பைக்கு மாறியது. தையலில் அவர் சம்பாதித்தது வருமானம்தான், ஆனால் அது அவர் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் வருமானமாக நிற்கும். இரண்டு கணக்குகளையும் சேர்த்துச் சுருக்கம் எழுதும் வீட்டில் இங்கேயும் அதை எண்ணினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

மீதி இருப்பது இரண்டு சம்பளம். மே 1 தொழிலாளர் தின விடுமுறை என்பதால் ஏப்ரல் சம்பளம் 2-ஆம் தேதி ஏறியது. மே மாதச் சம்பளத்தை நிறுவனம் மாதக் கடைசி நாளிலேயே போட்டுவிட்டது. ஆகவே காலண்டர்படி ஒரே மாதத்தில் இரண்டு சம்பளம். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இரண்டையும் மே வருமானமாக எழுதினால் மே மாதம் செழிப்பாகவும் ஜூன் பஞ்சமாகவும் தெரியும்; இரண்டும் பொய். மே மாதச் செலவை ஓட்டியது 2-ஆம் தேதி வந்த சம்பளம், 31-ஆம் தேதி வந்தது ஜூன் செலவுக்கானது. சம்பளத் தேதி இப்படி ஊசலாடும் வீடுகளில் சம்பளம் வந்த நாளிலிருந்து அடுத்த சம்பளத்துக்கு முந்தைய நாள்வரை ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வதே எளிது.

ஆக, 1,39,149 ரூபாயில் இந்தக் கணக்கின் மெய்யான மே மாத வருமானம் 42,500-ம் 5,500-ம் சேர்ந்த 48,000 ரூபாய் மட்டுமே.

பற்றுப் பக்கத்துக்குப் போகுமுன் வரிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் மிரட்டுவது ‘விவரம்’ என்கிற அந்தப் பத்திதான். ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
UPI/DR/512548213907/SELVI S/.../Payment
```

வங்கிக்கு வங்கி வரிசை மாறும், உறுப்புகள் மாறுவதில்லை. `UPI` என்பது பணம் போன வழி. `DR` என்றால் பற்று, `CR` என்றால் வரவு. அடுத்து வரும் 12 இலக்கம் அந்தப் பரிவர்த்தனையின் குறிப்பு எண். உங்கள் போனில் இருக்கும் யுபிஐ ஆப்பின் வரலாற்றில் அதே எண் இருக்கும். பிறகு பெற்றவர் பெயர். இங்கேதான் பலரும் திகைக்கிறார்கள். கடையின் போர்டில் ஏதோ ஒரு ஸ்டோர்ஸ் என்று இருக்கும், க்யூஆர் அட்டையோ கடைக்காரர் மனைவியின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும். செல்வி யார் என்று வீட்டில் சண்டை மூளுமுன் ஆப்பைத் திறந்து அந்த எண்ணைத் தேடி, நேரத்தைப் பார்த்தால் போதும். காலை ஆறே முக்காலுக்கு 54 ரூபாய் என்றால் அநேகமாகப் பால்தான்.

`ACH` அல்லது `NACH` என்று தொடங்குபவை முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதியின்பேரில் தானாகப் பிடிக்கப்படுபவை: வண்டித் தவணை, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட். `ATM WDL` ஏடிஎம்மில் எடுத்த பணம். `POS` கடையில் கார்டு தேய்த்தது. `NEFT`, `IMPS` இரண்டும் வங்கி மாற்றல். `CHRG` அல்லது `GST` என்ற எழுத்துகள் வரியில் தென்பட்டால் அது வங்கி தனக்காக எடுத்துக்கொண்டது. இவ்வளவு தெரிந்தால் முக்கால்வாசி வரிகள் பிடிபட்டுவிடும்.

பற்றுப் பக்கத்தில் முதலில் செலவல்லாதவற்றை நீக்கவேண்டும். திரும்பி வந்த செருப்புக்கும் சிக்கிய யுபிஐக்கும் வரவில் அடித்தோம், அவற்றின் ஜோடியைப் பற்றிலும் அடிக்கவேண்டும்: 1,899-ம் 750-ம். இதில் ஒரு கவனம். தொகை சரியாகப் பொருந்தினால்தான் ஜோடி. 1,899 போய் 1,799 திரும்பியிருந்தால் அந்த நூறு ரூபாய் செலவு. சீட்டுப் பணம் 5,000-ம் தொடர் வைப்புக்குப் போன 2,000-ம் சேமிப்பு. அவை தனித் தலைப்பில் போகும். இந்த நான்கையும் சேர்த்து 9,649 ரூபாயைக் கழித்தால் மெய்யான செலவு 84,797.14 ரூபாய்.

இனி இனம் பிரிப்பது. இருபது, முப்பது இனங்கள் வைத்துக்கொண்டு தொடங்குபவர்கள் மூன்றாம் மாதம் கைவிட்டுவிடுவார்கள். பத்து, பன்னிரண்டுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இந்த வீட்டின் மே மாதம் இப்படிப் பிரிகிறது: பள்ளிக் கட்டணம் 38,000, ஏடிஎம் ரொக்கம் 15,000, சாப்பாட்டுச் சாமான் 10,600, போக்குவரத்து 4,700, துணிமணி 4,100, வண்டித் தவணை 3,450, மின்சாரம்-கேஸ்-போன் 3,120, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 3,000, மருந்து 1,650, இன்சூரன்ஸ் 456, ஒரு ஆப்புக்கு 399, வங்கிக் கட்டணம் 322.14. எக்ஸெல் வடிவில் இறக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் கடைசியில் ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் இனத்தை எழுதிவிட்டால் கூட்டலை அதுவே செய்யும். பற்றுத்தொகை E பத்தியிலும் இனம் H பத்தியிலும் இருந்தால் ஒரு வரி போதும்:

```
=SUMIF(H:H,"சாப்பாட்டுச் சாமான்",E:E)
```

இந்தப் பிரிப்பில் இரண்டு இடங்கள் வழுக்கும். ஒன்று, கிரெடிட் கார்டு பில். ஸ்டேட்மென்ட்டில் அது 9,260 என்ற ஒற்றை வரி. ‘கார்டு’ என்று ஓர் இனம் வைத்து அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும், ஆனால் கார்டு என்பது செலவின் பெயரில்லை. கார்டின் பில்லைத் திறந்து பார்த்தால் சூப்பர்மார்க்கெட்டில் 2,760, பஸ், ரயில் டிக்கெட் 2,400, துணிக்கடையில் 4,100. மூன்றையும் உரிய இனத்தில் சேர்க்கவேண்டும். அதனால்தான் யுபிஐயில் 7,840 ஆக இருந்த சாப்பாட்டுச் சாமான் 10,600 ஆனது. கார்டு பில்லையும் பிரித்து எழுதி, வங்கியின் 9,260 வரியையும் விட்டுவைத்தால் இரட்டைச் செலவாகும். கார்டில் வாங்கியவற்றில் சில ஏப்ரலில் வாங்கியவையாகவும் இருக்கும். வீட்டுக் கணக்குக்கு அது பரவாயில்லை, பில் கட்டிய மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் ஒரே முறையைப் பின்பற்றினால் சரி. கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிற வீடாக இருந்தால் கதை வேறு. அங்கே கட்டாமல் விட்ட மீதியும் அதன் வட்டியும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தெரியவே தெரியாது.

இன்னொன்று ரொக்கம். பள்ளிக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய தொகை இதுதான், இதைப் பற்றி ஸ்டேட்மென்ட்டுக்குத் தெரிந்தது ஏடிஎம்மோடு முடிந்துவிடுகிறது. சிலர் பதினைந்தாயிரத்தையும் ‘வீட்டுச் செலவு’ என்று எழுதிவிடுவார்கள். அது சுருக்கம் இல்லை, ஊகம். உட்கார்ந்து கேட்டதில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு, உழவர் சந்தைக்கு, ஒரு கல்யாண மொய்க்கு என்று ஒன்பதாயிரம் வரை நினைவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறாயிரத்தை ‘ரொக்கம், விவரம் இல்லை’ என்றே எழுதவேண்டும். அந்த வரி அசௌகரியமாக இருக்கட்டும். அடுத்த மாதம் தானே குறையும்.

வழக்கத்துக்கு மாறான வரிகள் என்றாலே மோசடி என்றுதான் மனம் போகிறது. பெரும்பாலானவை அப்படியில்லை. வழக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, முந்தைய இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. புதுப் பெயர், புதுத் தொகை, அல்லது வழக்கமாக வந்து இம்முறை வராதது. மூன்றாவதை யாரும் தேடுவதில்லை. வாடகை வராமல் போனதும் தவணை பிடிக்கப்படாமல் போனதும் தாளில் அச்சாகாது.

இந்த வீட்டில் மே 2-ஆம் தேதி 295 ரூபாய் ஒரு கட்டணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. தவணை திரும்பியதற்கான கட்டணம். வண்டித் தவணை 3,450 மாதத்தின் 1-ஆம் தேதி வருகிறது. அன்று கணக்கில் இருந்தது 2,114.50 மட்டுமே. வங்கிகளுக்கு விடுமுறையானாலும் 2021 ஆகஸ்ட்டிலிருந்து தானியங்கித் தவணைப் பிடிப்பு எல்லா நாளும் நடக்கிறது. சம்பளம் விடுமுறைக்குப் பிறகு வந்தது, தவணையோ விடுமுறையைப் பார்க்கவில்லை. வங்கி 250 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 45 ரூபாயும் எடுத்துக்கொண்டது. இந்தத் தொகை வங்கிக்கு வங்கி மாறும். தவணை 5-ஆம் தேதி மறுபடி வந்து பிடிக்கப்பட்டுவிட்டதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு அபராதம் போடும், அது அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் தெரியும். கடன் வரலாற்றிலும் தாமதம் பதிவாகக்கூடும். 295 ரூபாய் வரி ஒன்று இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது.

மே 24-இல் 27.14 ரூபாய். இந்த விசித்திரமான தொகைதான் அடையாளம்: 23 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு வரியும். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்குச் சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை வாங்கலாம் என்ற உச்சவரம்பு 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 21.

மே 26-இல் 436-ம் 20-ம் அடுத்தடுத்து. இவை பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுபவை. தலா இரண்டு லட்ச ரூபாய் காப்பு, ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. கணக்கு தொடங்கும்போது எங்கோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பார்க்கவேண்டியது, அதே நபரின் இன்னொரு வங்கிக் கணக்கிலும் இதே தொகைகள் பிடிக்கப்படுகின்றனவா என்பதை. ஒருவர் ஒரு கணக்கின் வழியாகத்தான் சேரமுடியும். இரண்டு இடத்தில் கட்டினாலும் காப்பு இரண்டு லட்சத்தைத் தாண்டாது.

399 ரூபாய் ஆப்பின் கதை தெரிந்த கதை. ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் அதே பெயரில் ஒரு ரூபாய் போயிருக்கிறது. மகள் ஏதோ ஆப்பை ஏழு நாள் இலவசமாகப் பார்க்க ஒப்புக்கொண்டபோது கொடுத்த தானியங்கி அனுமதி அது. இப்படித் தொடர்ந்து பிடிக்கும் தொகை 15,000 ரூபாய் வரை இருந்தால் ஒவ்வொரு முறையும் பின் எண்ணோ ஓடிபியோ கேட்காது. பிடிப்பதற்கு முந்தைய நாள் ஓர் அறிவிப்பு வரும், அதை யார் படிக்கிறார்கள்? போனிலிருந்து ஆப்பை நீக்கினால் பிடித்தம் நிற்காது. யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அனுமதியை ரத்துசெய்யவேண்டும்.

சிக்கிய 750 ரூபாய் நான்கு நாளில் தானாக வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவின்படி கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் திரும்பவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் இதே ஐந்து நாள், இதே நூறு. வரவில் ஜோடி இல்லாமல் ஒற்றையாக நிற்கும் பற்றுவரி இருந்தால் கேட்கவேண்டியது நாம்தான்.

யாருக்கும் தெரியாத, ஆப்பின் வரலாற்றிலும் இல்லாத வரி ஒன்று இருந்தால்? இங்கே மாத ஸ்டேட்மென்ட்டின் பலவீனத்தைச் சொல்லியாகவேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியில், வங்கியின் தவறும் இல்லாமல் நம் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் நம் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்குப் பிறகு வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும்வரையான நஷ்டம் முழுக்க நம்முடையது. தகவல் என்பது எஸ்எம்எஸ். மாத முடிவில் ஸ்டேட்மென்ட்டோடு உட்காரும்போது 3-ஆம் தேதி போன பணத்துக்கான கெடு எப்போதோ தாண்டியிருக்கும். ஆகவே மோசடியைப் பிடிக்க எஸ்எம்எஸ், கசிவைப் பிடிக்க ஸ்டேட்மென்ட். எஸ்எம்எஸ் போகும் எண் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோசடி என்று உறுதியானால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லவேண்டும்.

இனி அந்த வீட்டின் சுருக்கம். அரைத்தாள் போதும்.

இந்தக் கணக்கின் வருமானம் 48,000. மனைவியின் கணக்கிலிருந்து வந்தது 6,000. மொத்தம் 54,000. செலவு 84,797. பற்றாக்குறை 30,797. நகைக்கடன் 40,000 அதை அடைத்தது. அதில் மிஞ்சிய 9,203 ரூபாயில் 7,000 சீட்டுக்கும் தொடர் வைப்புக்கும் போயிற்று, 2,203 ரூபாய் கணக்கில் தங்கியது. சரிதானா என்று பார்க்க: இறுதி இருப்பிலிருந்து ஜூன் சம்பளத்தைக் கழித்தால் 4,317. தொடக்கத்தில் இருந்தது 2,114. வித்தியாசம் அதே 2,203. சுருக்கம் ஸ்டேட்மென்ட்டோடு பொருந்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு வரி இரண்டு இனத்தில் நுழைந்திருக்கும், அல்லது எதிலும் நுழையாமல் நழுவியிருக்கும்.

தாளின் அடுத்த பகுதியில், பள்ளிக் கட்டணம் நீங்கலான செலவைத் தனியாக எழுதவேண்டும்: 46,797. ஒரு சாதாரண மாதத்துக்கு இவ்வளவு ஆகிறது, வருமானம் 48,000. சீட்டுக்கும் வைப்புக்கும் போகும் 7,000 ரூபாயை மனைவியின் தையல்தான் தாங்குகிறது. பள்ளிக் கட்டணத்துக்கென்று எந்த மாதமும் எதுவும் ஒதுங்கவில்லை. மாதத்துக்கு 3,200 ரூபாய்போல ஒதுங்கியிருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும். சீட்டை இந்த ஆண்டு ஏலம் எடுத்து நகையை மீட்பதா, சீட்டு முடியும்வரை காத்திருப்பதா என்பது வட்டியையும் தள்ளுபடியையும் ஒப்பிட்டு அவர்கள் முடிவுசெய்ய வேண்டியது. ஸ்டேட்மென்ட் அதைச் சொல்லாது.

கடைசியாகச் செய்யவேண்டியவை என்று மூன்று வரி. ஆப்பின் தானியங்கி அனுமதியை ரத்துசெய்வது. கணவரின் பழைய சம்பளக் கணக்கில் 436 பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. வண்டித் தவணையின் தேதியை 5-க்கோ 7-க்கோ மாற்றித் தரும்படி நிதி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது. மாற்ற மறுத்தால் ஒவ்வொரு மாத இறுதியிலும் 3,450 ரூபாயைக் கணக்கில் தொடாமல் விட்டுவைப்பது.